குழாய் ஏன் இடிக்கிறது?

டங்!

ராத்திரி பத்து மணி. தெரு அடங்கிவிட்டது. சுவருக்குள்ளிருந்து யாரோ சுத்தியலால் ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். தொட்டிலில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுதது.

"கீழ் வீட்டுக்காரங்க இந்த நேரத்துல சுவர்ல ஆணி அடிக்கிறாங்களா?" என்று அம்மா கோபமாகக் கேட்டார்.

நாங்கள் இருப்பது பெங்களூரில். ஒரே கட்டடத்தில் மூன்று வாடகை வீடுகள். தரைத்தளத்தில் ஒரு அக்கா குடும்பம். அக்கா தையல் வேலை செய்கிறார். மாமா ஆட்டோ ஓட்டுகிறார். முதல் மாடியில் நாங்கள். இரண்டாம் மாடியில் இன்னொரு குடும்பம். மொட்டை மாடியில் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியிலிருந்து ஒரே இரும்புக் குழாய் சுவரை ஒட்டிக் கீழே இறங்குகிறது. மூன்று வீட்டுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர்.

மறுநாள் காலையில் அம்மா கீழே போய்க் கேட்டார். அக்கா திகைத்துப் போனார்.

"நான் எங்கம்மா ஆணி அடிச்சேன்? பாத்திரம் கழுவிட்டு டேப்பை மூடினேன். அவ்வளவுதான். எங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு. நீங்கதான் மேல எதையோ போட்டு உடைக்கிறீங்கன்னு நெனச்சோம்!"

இப்படியே இரண்டு மாதம் போனது. சத்தம் நிற்கவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். பேச்சும் குறைந்து போனது.

ஒரு நாள் விடிந்தபோது மூன்று வீட்டிலும் தண்ணீர் வரவில்லை. தொட்டி காலி. கீழ் வீட்டுச் சமையலறைக்கு வெளியே குழாய் வளையும் இடத்தில் ஒரு எல்போ இருக்கிறது. அந்த மூட்டில் விரிசல். ராத்திரி முழுவதும் தண்ணீர் கயிறு மாதிரி ஒழுகிச் சாக்கடைக்குப் போயிருந்தது. நிமிடத்துக்கு 2 லிட்டர் ஒழுகினாலே போதும். எட்டு மணி நேரத்தில் 1000 லிட்டர் தொட்டி கிட்டத்தட்டக் காலியாகிவிடும்.

2024ஆம் ஆண்டுக் கோடையில் பெங்களூரில் தண்ணீருக்கு நாங்கள் பட்ட பாடு எங்களுக்கு மறக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் வயிறு எரிந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "உங்க வீட்டுப் பக்கம்தான் உடைஞ்சிருக்கு. முரட்டுத்தனமா டேப்பைத் திருப்பியிருக்கீங்க. செலவை அட்வான்ஸ் பணத்துல கழிச்சுக்குவேன்" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "டேப்பை மூடுறது ஒரு தப்பா சார்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. குழாயை மூடினால் மூட்டு உடையுமா?

பெரியவர் செய்த சோதனை

மூட்டைச் சரிசெய்ய ஒரு பிளம்பர் பெரியவர் வந்தார். புது எல்போ போட்டார். தொட்டியில் தண்ணீர் ஏறியதும் கீழ் வீட்டுச் சமையலறைக்குப் போனார். குழாயை முழுவதும் திறந்துவிட்டுப் படாரென்று மூடினார்.

டங்!

மறுபடியும் திறந்தார். இந்த முறை மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே மெல்ல மூடினார். சத்தமே இல்லை.

"பார்த்தியா பாப்பா? வேகமா மூடினா இடிக்குது. மெதுவா மூடினா இடிக்கல. அப்படின்னா இது தண்ணி அடிக்கிற அடி" என்றார்.

உங்கள் வீட்டிலும் சத்தம் வந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இதற்குக் காசு செலவில்லை. ஒரு நிமிடம் போதும். தண்ணீர் இப்படி அடிப்பதற்கு 'நீர்ச் சுத்தியல்' என்று பெயர்.

தண்ணீர் எப்படி அடிக்கும்?

தண்ணீர் மெத்தென்றுதானே இருக்கிறது? அது எப்படிச் சுத்தியல் போல அடிக்கும்?

ஓடும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். பஸ் நின்றுவிடுகிறது. நின்றுகொண்டிருந்தவர்கள் முன்னால் போய் விழுகிறார்கள். ஓடுகிற பொருள் எதுவும் சட்டென்று நிற்காது. நிறுத்தினால் முன்னால் இருப்பதை இடிக்கும்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீரும் அப்படித்தான். அதற்கும் எடை உண்டு. அதற்கும் வேகம் உண்டு.

பெரியவர் ஒரு 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்தார். என்னைக் கடிகாரம் பார்க்கச் சொன்னார். வாளி நிறைய 50 நொடி ஆனது. எங்கள் குழாய் அரை அங்குலக் குழாய். அரை அங்குலக் குழாயில் 50 நொடிக்கு 10 லிட்டர் வந்தால், உள்ளே தண்ணீர் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். நாம் மெதுவாக நடக்கும் வேகம் அது.

தொட்டியிலிருந்து கீழ் வீட்டுக் குழாய் வரை 20 மீட்டர் நீளம். அதற்குள் நிற்கும் தண்ணீர் சுமார் 4 லிட்டர். அதாவது 4 கிலோ எடை. ஒருவர் நடக்கிற வேகத்தில் 4 கிலோ எடையுள்ள நீண்ட தண்ணீர்க் கம்பி ஒன்று ஓடிவருகிறது. அதை ஒரு நொடிக்குள் மறித்து நிறுத்துகிறோம். அது இடிக்காமல் என்ன செய்யும்?

இடி எப்படி மேலே போகிறது?

கூட்ஸ் வண்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் நின்றதும் அதன் பின்னால் உள்ள பெட்டி வந்து இடிக்கும். அதன்மேல் அடுத்த பெட்டி இடிக்கும். 'டங், டங், டங்' என்று அந்த இடி கடைசிப் பெட்டி வரை போகும்.

குழாயிலும் இதேதான் நடக்கிறது. மூடிய இடத்தில் முதலில் தண்ணீர் நிற்கிறது. அதன்மேல் பின்னால் வரும் தண்ணீர் மோதுகிறது. அதன்மேல் அதற்கும் பின்னால் வருவது மோதுகிறது. இந்த மோதல் குழாய் வழியே தொட்டி வரை ஓடுகிறது. அங்கிருந்து திரும்பி வருகிறது. இரும்புக் குழாயில் இது நொடிக்குச் சுமார் 1200 மீட்டர் வேகத்தில் ஓடும். எங்கள் 20 மீட்டர் குழாயில் தொட்டிக்குப் போய்த் திரும்பி வர ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் போதும்.

இப்படி இடி போய் வரும்போது குழாய் அதிர்கிறது. அதைச் சுவரோடு பிடித்து வைக்காவிட்டால் துள்ளும். துள்ளிச் சுவரில் மோதும். நம் காதில் விழும் 'டங்' அதுதான். இரும்பு வழியே சத்தம் எல்லா வீட்டுக்கும் போகும். அதனால்தான் கீழ் வீட்டில் மூடிய குழாயின் சத்தம் எங்கள் சுவருக்குள் கேட்டது. நாங்கள் அவர்களைத் திட்டினோம். அவர்கள் எங்களைத் திட்டினார்கள். இரண்டு பேரும் ஆணி அடிக்கவில்லை!

அடி எவ்வளவு பலமானது?

எங்கள் தொட்டி கீழ் வீட்டுக் குழாயை விட 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒரு சதுர செண்டிமீட்டர் இடத்தில் ஒரு கிலோ எடை அழுத்துவது போல இருக்கும். பிளம்பர்கள் சுருக்கமாக 'ஒரு கிலோ பிரஷர்' என்பார்கள். சும்மா இருக்கும்போது எங்கள் குழாய் தாங்குவது இந்த ஒரு கிலோவைத்தான்.

இரும்புக் குழாயில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரை ஒரே அடியாக நிறுத்தினால், இதற்கு மேல் சுமார் 12 கிலோ அழுத்தம் கூடும். ஒரு கிலோ இருந்த இடத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு 13 கிலோ! ரஷ்ய நாட்டு அறிஞர் ஜுகோவ்ஸ்கி இந்தக் கணக்கை மாஸ்கோ நகரத்துத் தண்ணீர்க் குழாய்களில் சோதித்துப் பார்த்தார். 1898ஆம் ஆண்டு அதை வெளியிட்டார்.

நம் கையால் மூடும்போது 12 கிலோவும் முழுவதாக வருவதில்லை. இடி தொட்டிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூடி முடித்தால்தான் முழு அடியும் விழும். அவ்வளவு வேகம் கைக்கு வராது. ஆனாலும் சில கிலோ கூடிவிடும். ஒரு நாளைக்கு எத்தனை முறை குழாயை மூடுகிறோம்? ஒவ்வொரு முறையும் ஒரு அடி. துருப்பிடித்த பழைய மூட்டு எத்தனை நாள் தாங்கும்?

பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அதனால் அதில் அடி குறைவு. இரும்பில் 12 கிலோ என்றால் பிளாஸ்டிக்கில் 4 அல்லது 5 கிலோ. அடி குறைவுதான், இல்லாமல் போவதில்லை.

இரண்டு மாதம் முன்பு என்ன நடந்தது?

"சரி ஐயா, அஞ்சு வருஷமா இந்த வீட்டுல இருக்கோம். முன்னாடி இந்தச் சத்தம் இல்லையே?" என்று அக்கா கேட்டார்.

பெரியவர் குழாயைக் காட்டிக் கேட்டார். "இது எப்ப போட்டது?"

"தீபாவளிக்கு முன்னாடி வீட்டுக்காரர்தான் மூணு வீட்டுக்கும் மாத்தினார்."

பழைய குழாய் திருகுக் குழாய். அதை மூட மூன்று நான்கு முறை திருக வேண்டும். அதற்குள் தண்ணீர் தானாகவே மெல்ல மெல்ல நிற்கும். புதுக் குழாய் அப்படியில்லை. கைப்பிடியைக் கால் வட்டம் தள்ளினாலே மூடிக்கொள்ளும். ஒரு விரலால் தட்டினால் போதும். பார்க்க அழகு. வேலையும் சுலபம். ஆனால் தண்ணீரைச் சட்டென்று நிறுத்திவிடும்.

பெரியவர் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகள் வரிசையாக இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. தீபாவளிக்கு முன் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். அப்போது கிளாம்புகளைக் கழற்றினார்கள். திரும்பப் போடவில்லை. பெரியவர் கையால் ஆட்டினார். குழாய் ஊஞ்சல் போல ஆடியது.

புதுக் குழாய் ஒன்று. கழற்றிய கிளாம்பு இரண்டு. துருப்பிடித்த மூட்டு மூன்று. இந்த மூன்றும் சேர்ந்துதான் உடைந்தது. அக்கா கையில் முரட்டுத்தனம் எதுவுமில்லை.

மேல் வீடுகளிலும் அதே புதுக் குழாய்தானே? அங்கே ஏன் சத்தம் வரவில்லை? இரண்டாம் மாடிக் குழாய் தொட்டிக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. வேகமும் குறைவு. ஓடிவரும் தண்ணீரின் நீளமும் குறைவு. கீழே போகப் போக எல்லாம் கூடும். அதனால் அடி அதிகம் விழுவது தரைத்தளத்தில்தான்.

என்ன செய்யலாம்?

பெரியவர் நான்கு வழி சொன்னார். செலவில்லாத வழியை முதலில் சொன்னார்.

முதல் வழி: மெதுவாக மூடுவது. மூன்று எண்ணும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் கடைசிப் பகுதியை மிக மெதுவாக மூடுங்கள். கைப்பிடி பாதி தூரம் வரும்வரை தண்ணீர் அவ்வளவாகக் குறையாது. கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் அது நிற்கிறது. முதலில் மெதுவாகத் தள்ளிக் கடைசியில் படாரென்று அடைத்தால் பயனில்லை.

இரண்டாம் வழி: குழாயை இறுகப் பிடிக்க வைப்பது. நாலைந்து அடிக்கு ஒரு கிளாம்பு வேண்டும். குழாய் வளையும் இடத்துக்கு அருகில் கட்டாயம் ஒன்று வேண்டும். கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைத்தால் அதிர்ச்சி குறையும். பிளாஸ்டிக் குழாயில் கிளாம்பை நெரித்து முடுக்கக் கூடாது. வெயிலில் அது நீளும், இரவில் சுருங்கும். அதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள். கிளாம்பு சத்தத்தையும் ஆட்டத்தையும்தான் குறைக்கும். உள்ளே தண்ணீர் அடிக்கும் அடி அப்படியேதான் இருக்கும். அதனால் முதல் வழியை விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் வழி: தண்ணீரின் வேகத்தைக் குறைப்பது. வீட்டுக்குள் தண்ணீர் வரும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். அதைக் கொஞ்சம் மூடி வையுங்கள். வேகம் பாதியானால் அடியும் பாதியாகும். பெரியவர் எங்கள் கீழ் வீட்டு வால்வைத் திருகி, வாளி நிறைய 75 நொடி ஆகும்படி வைத்தார். முன்பு 50 நொடி. அப்படியென்றால் வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அடியும் அதே அளவு குறைந்தது. வாளி நிறையக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அவ்வளவுதான் நஷ்டம்.

நான்காம் வழி: காற்றுக் குழாய் வைப்பது. இந்த மூன்றும் போதவில்லை என்றால் இதைச் செய்யலாம். குழாய்க்கு மிக அருகில் ஒரு 'டி' மூட்டுப் போட்டு, அதிலிருந்து ஒன்றரை அடி நீளக் குழாயை நேராக மேல்நோக்கி நிறுத்த வேண்டும். அதன் மேல் வாயைத் திருகு மூடியால் அடைக்க வேண்டும். அதற்குள் காற்று அடைபட்டு நிற்கும். தண்ணீர் ஓடிவந்து இடிக்கும்போது இந்தக் காற்று அமுங்கிக் கொடுக்கும். பஞ்சு மெத்தை போல அடியை வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்தக் காற்று நாளாக ஆகத் தண்ணீரில் கரைந்து போய்விடும். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிறையும். மறுபடியும் 'டங்' கேட்கும். அப்போது வால்வை மூடுங்கள். கீழே குழாயைத் திறந்து விடுங்கள். மேலே உள்ள மூடியைத் திருகிக் கழற்றுங்கள். நின்ற தண்ணீர் இறங்கிவிடும். காற்று நிறையும். மூடியை இறுகப் போட்டு வால்வைத் திறந்தால் முடிந்தது. இதற்காகத்தான் மூடியை ஒட்டிவிடக் கூடாது. திருகு மூடியாகத்தான் வைக்க வேண்டும்.

எல்லாச் சத்தமும் இதுவல்ல

குழாயில் வரும் எல்லாச் சத்தத்துக்கும் நீர்ச் சுத்தியல் காரணமில்லை. சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கடகட' என்று சத்தம் வருகிறதா? திருகுக் குழாயாக இருந்தால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது தளர்ந்திருக்கும். வால்வை மூடிவிட்டு வாஷரை மாற்றினால் சரியாகும்.

மோட்டாரை நிறுத்தியதும் இடிக்கிறதா? மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கும். அதைத் தடுக்க ஒரு வால்வு உண்டு. அது படாரென்று மூடிக்கொள்கிறது என்று பொருள். அதைப் பிளம்பரிடம்தான் காட்ட வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிறதா? அது தானாகவே தண்ணீரைச் சட்டென்று நிறுத்தும். அதை மெதுவாக மூடு என்று நாம் சொல்ல முடியாது. இயந்திரத்துக்குப் போகும் குழாயைப் பாதி மட்டும் திறந்து வையுங்கள். அப்போதும் இடித்தால் அங்கே காற்றுக் குழாய் வேண்டும்.

கடைசியில் யார் கொடுத்தார்கள்?

பெரியவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். குழாயை வேகமாக ஒருமுறை மூடிக் காட்டினார். மெதுவாக ஒருமுறை மூடிக் காட்டினார். பிறகு அவர் கையைக் குழாயின் மேல் வைக்கச் சொல்லி, மறுபடியும் வேகமாக மூடினார். வீட்டுக்காரர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இந்தக் கிளாம்பைக் கழட்டினது நீங்க வச்ச ஆள் சார். டேப்பை மாத்தினதும் நீங்க. அவங்க மேல என்ன தப்பு?" என்றார் பெரியவர்.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இது தெரியாதுப்பா" என்றார். மூட்டுக்கும் கிளாம்புக்கும் அவரே பணம் கொடுத்தார். அட்வான்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடுவது கேட்டது. மெல்ல மெல்லக் குறைந்தது. நின்றது. குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் அம்மா கொஞ்சம் குழம்பு எடுத்துக்கொண்டு கீழே போனார்.

செய்து பாருங்கள், பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டுக் குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது?

2. குழாயை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் மூடிப் பாருங்கள். சத்தத்தில் என்ன வித்தியாசம்?

3. சுவரை ஒட்டிப் போகும் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடுகிறதா? கிளாம்பு எங்கெங்கே இல்லை?

4. உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வு எங்கே இருக்கிறது? அதை மூட வீட்டில் யார் யாருக்குத் தெரியும்?